காய்ச்சலோடு வரும் தடிப்பு: படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

குழந்தையின் வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். மங்கலான டியூப்லைட் வெளிச்சத்தில் கொஞ்சம் அசைந்துபோன படம். அதற்குக் கீழே ஒரு வரி: "டாக்டர், இது அம்மையா?" குழந்தைகள் மருத்துவர் யாராக இருந்தாலும் அவருடைய கைபேசியில் இப்படிப்பட்ட படங்கள் நிறைய இருக்கும். அனுப்பும் தாயின் பதற்றம் எனக்குப் புரிகிறது. இரவு பத்து மணிக்குக் குழந்தை அனலாகக் கொதிக்கும்போது கையில் இருப்பது கைபேசிதான். படம் அனுப்பிக் காத்திருக்கும் நேரத்தில் இணையத்திலும் தேடுவார்கள். அங்கே தட்டம்மை, சின்னம்மை, கை கால் வாய் நோய் என்று பக்கம் பக்கமாகப் படங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் பிள்ளையின் வயிற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொருந்துவதுபோலத் தோன்றும்.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. இந்த மூன்று நோய்களிலும் தடிப்பு தோன்றும் முதல் சில மணி நேரம் தோலில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான்: சிறிய, சிவந்த, தட்டையான புள்ளி. அந்த ஒரு புள்ளியை எவ்வளவு அருகில் போய்ப் படம் எடுத்தாலும் பெயர் சொல்ல முடியாது. நோய்களைப் பிரித்துக் காட்டுவது புள்ளி உடம்பின் எந்த இடத்தில் தொடங்கியது, எந்தத் திசையில் பரவியது, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் வந்தது, எல்லாப் புள்ளிகளும் ஒரே பருவத்தில் இருக்கின்றனவா என்பவைதான். இவற்றைக் காட்டும்படி எடுத்த படங்கள் மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும்.

படத்தை வைத்து அம்மையை அடையாளம் காண்பது புதிதல்ல. 1970-களில் பெரியம்மையை ஒழிப்பதற்காக இந்தியாவில் வீடு வீடாகத் தேடிப் போன பணியாளர்களின் கையில் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டை ஒன்று இருந்தது. பெரியம்மை கண்ட ஒரு குழந்தையின் வண்ணப் படம் அதில் இருக்கும். "இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?" என்று ஊர்க்காரர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் அதைக் காட்டிக் கேட்டார்கள். அவர்களுக்கு இருந்த பெரிய குழப்பம் சின்னம்மை. முகத்திலும் கைகால்களிலும் நெருக்கமாக, எல்லாக் கொப்புளமும் ஒரே பருவத்தில் இருந்தால் பெரியம்மை. மார்பிலும் முதுகிலும் நெருக்கமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருவத்தில் இருந்தால் சின்னம்மை. இடத்தையும் பருவத்தையும் பார்க்கும் இந்தப் பழக்கம் இன்றைக்கும் அப்படியே பயன்படுகிறது.

காதுக்குப் பின்னால் தொடங்குவது

மூன்றில் அதிகம் பயப்பட வேண்டியது தட்டம்மை. ஊருக்கு ஊர் மணல்வாரி என்றும், இலங்கையில் சின்னமுத்து என்றும் சொல்வார்கள். முதல் நாட்களில் எடுத்த படங்களைப் பார்த்துப் பலரும் ஏமாறுவதும் இதில்தான். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறேன். பதினொரு மாதப் பெண் குழந்தை. ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசியை, அன்றைக்குச் சளி இருந்தது என்பதற்காகத் தள்ளிப்போட்டிருந்தார்கள். இலேசான சளிக்காக அந்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதே இல்லை.

முதல் நாள் காய்ச்சல், மூக்கொழுகல், வறட்டு இருமல். வீட்டில் எல்லோரும் சளிக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் 103 டிகிரி. கண்கள் சிவந்து நீர் வடிந்தது, வெளிச்சத்தைப் பார்த்தால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று ஆன்டிபயாட்டிக் சிரப் ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். நான்காம் நாள் காலை உடம்பில் ஏதோ தெரிகிறது என்று சட்டையைத் தூக்கி வயிற்றைப் படம் எடுத்து அனுப்பினார்கள். வயிறு சுத்தமாக இருந்தது. மாலையில் வந்த படத்தில் நெற்றியிலும் கன்னத்திலும் புள்ளிகள். "சிரப் ஒத்துக்கல போல, நிறுத்திட்டோம்" என்று பாட்டி சொன்னார்.

பாட்டியின் ஊகம் நியாயமானதுதான். நேற்று மருந்து, இன்று தடிப்பு. ஆனால் மருந்து ஒவ்வாமையில் வரும் தடிப்பு பெரும்பாலும் மார்பு, வயிறு, முதுகு என்று உடலின் நடுப்பகுதியில் தொடங்கும்; அரிக்கும். தட்டம்மை காதுக்குப் பின்னாலும், நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்திலும் ஆரம்பித்து, முகம், கழுத்து, மார்பு, வயிறு, கை, கால் என்று மேலிருந்து கீழே இறங்கும். பாதம் வரை வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். காலையில் காதுமடலை மடக்கிப் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஐந்தாம் நாள் முகத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத்திட்டாகிவிட்டன. மார்பிலும் வயிற்றிலும் புதிய புள்ளிகள். காய்ச்சல் 104. இதையும் கவனிக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு வரும் வேறொரு வைரஸ் காய்ச்சலில், மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல் அடித்து, அது இறங்கிய பிறகு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள் எழும். குழந்தையும் சிரித்து விளையாடத் தொடங்கிவிடும். தட்டம்மையில் தடிப்பு வரும்போது காய்ச்சல் இன்னும் ஏறும். குழந்தை சோர்ந்து, சிணுங்கி, மடியை விட்டு இறங்காது. ஆறாம் நாள் கால்களில் தடிப்பு இறங்கியது. முதலில் வந்த முகத்தில் சிவப்பு மாறிப் பழுப்பு நிறம் படரத் தொடங்கியது. வந்த வரிசையிலேயே மறைந்தும் போகும். பிறகு அந்த இடங்களில் தோல் தவிடு போல நுணுக்கமாக உதிரும்.

தோலில் ஒன்றும் வருவதற்கு முன்பே தட்டம்மை தன்னைக் காட்டும் இடம் ஒன்று உண்டு. தடிப்புக்கு ஓரிரு நாள் முன்னதாக, கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த பரப்பின் மேல் மிகச் சிறிய வெண்புள்ளிகள் தோன்றும். 1896-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி காப்ளிக் என்ற குழந்தைகள் மருத்துவர் இவற்றைத் தெளிவாக விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகின்றன. தடிப்பு வந்த ஓரிரு நாளில் இவை மறைந்துவிடும் என்பதால், இல்லை என்பதை வைத்து தட்டம்மை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

அந்தக் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுத்தோம். ஆறு மாதம் முதல் பதினொரு மாதம் வரை உள்ள குழந்தைக்கு 1 லட்சம் யூனிட், ஒரு வயது முடிந்தால் 2 லட்சம் யூனிட், அடுத்தடுத்து இரண்டு நாள். தட்டம்மை வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. வைட்டமின் ஏ கண்ணையும் உயிரையும் காப்பதற்கு. அதோடு, காய்ச்சலுடன் இப்படித் தடிப்பு வந்த குழந்தையைப் பற்றி அரசு சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லி, இரத்த மாதிரி அனுப்பி உறுதிசெய்ய வேண்டும். படமும் அனுபவமும் சேர்ந்து தருவது வலுவான சந்தேகம் மட்டுமே.

இத்தனை அவசரம் எதற்கு என்றால், தட்டம்மை தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் நான்கு நாள் வரை பரவும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. கூடவே இருக்கும் அண்ணனுக்கு அந்தக் கெடு பெரும்பாலும் கடந்திருக்கும். நேற்றுப் பார்க்க வந்த அத்தையின் பிள்ளை ஊசி விடுபட்டவனாக இருந்தால், அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஒரே இடத்தில் நான்கு பருவம்

சின்னம்மையைக் கொப்புளிப்பான் என்றும் சொல்வார்கள். இதற்குக் காய்ச்சல் பெரும்பாலும் மிதமாகவே இருக்கும். மார்பு, வயிறு, முதுகு, முகம், தலை என்று தொடங்கும். தட்டையான புள்ளி சில மணி நேரத்தில் மேடாகி, அதில் தெளிந்த நீர் கோத்து, பிறகு கலங்கி, உடைந்து, காய்ந்து பொருக்காகும். இது முடிவதற்குள் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு கூட்டம் கிளம்பும். இப்படி மூன்று நான்கு நாள் தொடர்ந்து வரும். அதனால் இரண்டாம் மூன்றாம் நாளில் முதுகில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தைப் படம் எடுத்தால், புள்ளி, மேடு, நீர்க்கொப்புளம், பொருக்கு என நான்கும் அந்த ஒரே சட்டத்துக்குள் தெரியும். படத்தை மட்டும் வைத்தே ஓரளவு துணிந்து சொல்லக்கூடிய நோய் மூன்றில் இது ஒன்றுதான்.

ஆனால் முதல் நாளில் இது தெரியாது. பூச்சிக்கடியா, வேர்க்குருவா, அம்மையா என்று நாமும் தயங்குவோம். அப்போது தலைமுடியை விலக்கி உச்சந்தலையைப் பாருங்கள். பூச்சிக்கடி ஆடை மூடாத கைகால்களில்தான் பெரும்பாலும் இருக்கும். முடிக்குள் நீர்க்கொப்புளம் இருந்தால் சின்னம்மை என்ற பக்கமே சாயலாம். இல்லாவிட்டால், அதே இடத்தை மறுநாள் காலையில் மறுபடி எடுங்கள். இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாற்றம் புலப்படும். தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு வந்தால் ஐம்பதுக்கும் குறைவான சிறு மேடுகளோடு, நீர் கோக்காமலேயே போய்விடக்கூடும். இணையத்துப் படங்களோடு அது ஒத்தே வராது.

சின்னம்மையில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய, ஆபத்தான கோளாறு அதனால் வரக்கூடும். ஐபுப்ரோஃபெனையும் தவிர்ப்பது நல்லது. இறங்கிய காய்ச்சல் நான்காம் ஐந்தாம் நாளில் மறுபடி ஏறினாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து, சூடாகி, தொட்டால் வலித்தாலோ, அங்கே பாக்டீரியா புகுந்திருக்கிறது என்று பொருள். அன்றே காட்ட வேண்டும். கடைசிக் கொப்புளமும் பொருக்காகும் வரை தொற்றும் என்பதால் கர்ப்பிணிகளும், பிறந்த சிசுக்களும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

உள்ளங்கையும் வாயும்

கை கால் வாய் நோயைச் சமீப ஆண்டுகளில் பெற்றோர் அதிகம் தெரிந்துகொண்டதற்குக் கேரளத்தின் 'தக்காளிக் காய்ச்சல்' ஒரு காரணம். 2022 மே மாதம் கொல்லம் மாவட்டத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சிவந்த கொப்புளங்களோடு காய்ச்சல் பரவியபோது புதிய நோய் வந்துவிட்டதென்று செய்திகள் வந்தன. கேரளம் போய்த் திரும்பிய இரண்டு குழந்தைகளுக்குப் பிரிட்டனில் பரிசோதனை செய்தபோது இருந்தது காக்ஸாக்கி ஏ16. கை கால் வாய் நோயைக் காலங்காலமாக உண்டாக்கும் வைரஸ். மாடுகளுக்கு வரும் கோமாரிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது தோலை அல்ல, சாப்பாட்டை. ஒரு நாள் இலேசான காய்ச்சல். மறுநாள் பிள்ளை பசிக்குது என்று அழுது, சோற்றை வாயில் வைத்ததும் துப்பிவிடும். எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். நாக்கிலும், கன்னத்தின் உள்ளேயும், அண்ணத்திலும் சிறு கொப்புளங்கள் உடைந்து புண்ணாகியிருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால், புட்டம், முழங்கால், முழங்கை. உள்ளங்கைக் கொப்புளம் வட்டமாக இருக்காது. நீள்வட்டமாக, சாம்பல் பூத்த நிறத்தில், கைரேகைகள் ஓடும் திசையிலேயே நீண்டு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையத்தோடு இருக்கும். சின்னம்மை போல அரித்துப் பாடாய்ப்படுத்தாது. நல்ல வெளிச்சத்தில் விரித்த உள்ளங்கை ஒன்றின் படமே பல நேரம் போதுமானதாக இருக்கும்.

குழப்பம் வருவது காக்ஸாக்கி ஏ6 என்ற வகையில். இது உள்ளங்கையோடு நிற்காது. வாயைச் சுற்றி, கைகால் முழுக்க, சில நேரம் மார்பிலும்கூடப் பெரிய கொப்புளங்களாக வரும். ஏற்கெனவே கரப்பான் இருந்த இடங்களில் கொத்தாக அடர்ந்துவிடும். "சின்னம்மை ரொம்பக் கடுமையா வந்திருக்கு" என்று அழைத்து வருவார்கள். அப்போது உதவுவது உடலின் நடுப்பகுதியையும் ஓரங்களையும் சேர்த்துக் காட்டும் முழு உடல் படம். சின்னம்மை நடுப்பகுதியில் அடர்ந்து, கைகால் நுனிக்குப் போகப் போகக் குறையும். இது வாயைச் சுற்றியும், புட்டத்திலும், கைகால் நுனிகளிலும் அடர்ந்து, முதுகில் குறைவாக இருக்கும். உச்சந்தலை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஒன்றிரண்டு மாதம் கழித்து நகங்கள் அடியிலிருந்து கழன்று விழவும் கூடும். வலிக்காது, புது நகம் தானே வளர்ந்துவிடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்தத் தாய் பயந்தே போவார்.

கை கால் வாய் நோய் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே ஆறும். ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. காரமும் புளிப்பும் இல்லாமல், ஆறவைத்த கஞ்சி, பால், குளிர்ந்த நீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் காத்திருக்கக் கூடாது. இந்நோயை உண்டாக்கும் வைரஸ்களில் என்டெரோவைரஸ் 71 அரிதாக மூளையைத் தாக்கும். தூங்கப்போகும் பிள்ளை திடீர் திடீரென்று தூக்கிப்போடுவது, நிற்கையில் தள்ளாடுவது, ஓயாத வாந்தி, வேகமான மூச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். இவை எந்தப் படத்திலும் தெரியாது.

நம் பிள்ளைகளின் தோலில்

இணையத்தில் கிடைக்கும் தட்டம்மைப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அங்கே தடிப்பு பளிச்சென்ற சிவப்பு. நம் மாநிறக் குழந்தைகளுக்கும் கறுத்த குழந்தைகளுக்கும் அதே தடிப்பு கருஞ்சிவப்பாக, பழுப்பாக, சில நேரம் சற்றே கறுத்த சொரசொரப்பாக மட்டுமே தெரியும். படத்தோடு ஒப்பிட்டு, "இவ்வளவு சிவப்பா இல்லையே" என்று நிம்மதி அடைந்து இரண்டு நாளை இழந்த குடும்பங்கள் உண்டு. விரல் நுனியால் நெற்றியைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தட்டுப்படும்.

படம் எடுப்பதும் இதையொட்டித்தான். பகலில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிறுத்தி, ஃபிளாஷ் இல்லாமல், முகத்தை அழகாக்கும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் மேட்டையும் பள்ளத்தையும் தட்டையாக்கிவிடும். அழகாக்கும் வசதி புள்ளியையே துடைத்துவிடும். சற்றுத் தள்ளி நின்று முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. பிறகு காதுக்குப் பின்னால், உள்ளங்கை, உள்ளங்கால், உச்சந்தலை. கடைசியாக ஒரே ஒரு புள்ளியை அருகில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து. படத்தோடு காய்ச்சல் எத்தனையாவது நாள், தடிப்பு முதலில் எங்கே பார்த்தீர்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள், தடுப்பூசி அட்டையில் எது விடுபட்டது என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரி, படத்தைவிட அதிகம் சொல்லும். குழந்தையின் உடம்புப் படத்தை உறவினர் குழுக்களில் போடாமல், பார்க்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

இன்னொன்று. அம்மை என்று தோன்றியதும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது நம் வீடுகளின் வழக்கம். காலமின் லோஷனும் அப்படித்தான். பூசிய பிறகு எடுத்த படத்தில் எதையும் பிரித்தறிய முடியாது. பூசுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். அம்மை கண்ட பிள்ளையைத் தனி அறையில் வைத்து, வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாள் வராமல் பார்த்துக்கொள்ளும் பழைய முறையில் நோய் பரவாமல் தடுக்கும் அறிவு இருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் மருத்துவரிடம் போகக் கூடாது, உப்பில்லாத கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்னும் பகுதி தட்டம்மைக் குழந்தைக்குக் கேடு. நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அதைக் காத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்போது சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது.

படம் காட்டாத ஒன்றைக் கண்ணாடி டம்ளர் காட்டும். தடிப்பின் மேல் டம்ளரின் பக்கவாட்டை அழுத்தி, அதன் வழியே பாருங்கள். தட்டம்மை முதலான வைரஸ் தடிப்புகள் தொடக்கத்தில் அழுத்தினால் வெளிறும். காய்ச்சலோடு வந்த சிவப்பு அல்லது ஊதாப் புள்ளி அழுத்தியும் மறையாவிட்டால் அது தோலுக்குள் கசிந்த இரத்தம். மூளைச்சவ்வைத் தாக்கும் மெனிங்கோகாக்கஸ் தொற்றாக இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். படம் எடுத்துப் பதிலுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப முடியாமல் மயங்கிக் கிடந்தாலும், காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டி உதடு வெடித்து நாக்கு சிவந்திருந்தாலும் அப்படியே.

தட்டம்மை என்ற சந்தேகம் சிறிது இருந்தாலும், கிளினிக்குக்குக் கிளம்பும் முன் ஒரு போன் செய்யுங்கள். நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். காத்திருக்கும் கூடத்தில் ஊசி போடும் வயது வராத ஐந்து மாதக் குழந்தையும் உட்கார்ந்திருக்கலாம். முன்கூட்டியே சொன்னால் உங்களை வேறு வாசல் வழியாக வரச் சொல்வோம். அல்லது நாங்களே வெளியே வந்து, குழந்தையை நீங்கள் வந்த வண்டியிலேயே வைத்துப் பார்ப்போம்.